லிபரோ ஏன் சேர்விஸ் அடிப்பதில்லை? வேறு நிற ஜேர்சியின் விதிகளும் ஏழு பேர் அணிக்கு வரும் சிக்கலும்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தோட்ட மைதானங்களில் நடக்கும் கரப்பந்தாட்டப் போட்டிகளில் ஒரு சண்டை அடிக்கடி வரும். பந்து எதிரணியின் பக்கம் சுத்தமாக விழுந்திருக்கும், கூட்டம் கத்திக்கொண்டிருக்கும், ஆனால் மத்தியஸ்தர் விசிலடித்துப் புள்ளியை மற்ற அணிக்குக் கொடுத்துவிடுவார். அணித் தலைவர் ஓடிவருவார்: "சேர், பந்தை எடுத்துக் குடுத்தவன் லிபரோ, அடிச்சவன் முன்வரிசை ஆள். இதுல என்ன பிழை?" பின்வரிசைப் பாதுகாப்புக்கென்றே வேறு நிற ஜேர்சியில் இறங்கும் ஆள்தான் லிபரோ. மத்தியஸ்தர் அவருடைய கால் பக்கம் கையைக் காட்டுவார். அதோடு அவருக்கு விஷயம் முடிந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது அப்போதுதான் ஆரம்பிக்கும்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் தேசிய விளையாட்டாக 1991இல் அறிவிக்கப்பட்ட ஆட்டம்தான் இது. ஆனாலும் மாலையில் தொழிற்சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆடும்போது பலரும் நின்ற இடத்திலேயே நின்று ஆடிப் பழகிவிடுகிறோம். சுழற்சி இல்லாத ஆட்டத்தில் லிபரோவுக்கு வேலையே கிடையாது. போட்டி என்று வந்து, விதிப்படி சுழன்று ஆடும்போதுதான் அவர் யார், எப்போது உள்ளே வருகிறார், எப்போது வெளியே போகிறார் என்ற கேள்விகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன.

## முதலில் சுழற்சி

களத்தில் ஆறு பேர். வலைக்கு அருகே மூவர் முன்வரிசை, அவர்களுக்குப் பின்னால் மூவர் பின்வரிசை. இடங்களுக்கு எண் உண்டு. பின்வரிசையில் வலது மூலை 1, அங்கே இருப்பவர்தான் சேர்விஸ் அடிப்பார். அவருக்கு முன்னால் வலையோரம் 2, முன்வரிசை நடு 3, முன்வரிசை இடது 4, அதற்குப் பின்னால் 5, பின்வரிசை நடு 6.

சேர்விஸ் அடித்ததிலிருந்து விசில் ஊதி ஆட்டம் நிற்கும் வரை நடப்பது ஒரு ரலி. எதிரணியின் சேர்விஸில் நாம் ரலியை வென்றால் சேர்விஸ் நமக்கு வரும், அப்போது எல்லோரும் கடிகாரத் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். 2இல் இருந்தவர் 1க்கு வந்து சேர்விஸ் அடிப்பார், 5இல் இருந்தவர் 4க்குப் போய் முன்வரிசை ஆளாவார். ஆக, யாராக இருந்தாலும் மூன்று சுழற்சி முன்னால், மூன்று சுழற்சி பின்னால்.

பின்வரிசை ஆளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வலையிலிருந்து 3 மீற்றர் தூரத்தில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி முன்வலயம். பின்வரிசை ஆள் முன்வலயத்தில் நின்றோ, அங்கிருந்து எழும்பியோ, வலையின் மேல் விளிம்பைவிட முழுவதும் உயரத்தில் இருக்கும் பந்தை எதிரணிப் பக்கம் அடிக்கக்கூடாது. கோட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பி அடித்தால் பிரச்சினை இல்லை.

எதிரணி அடிக்கும் பந்தை வலையிலேயே மறிக்கும் உயரமான நடு புளொக்கர்கள் முன்வரிசையில் மலைபோல நிற்பார்கள், பின்னால் போனதும் சேர்விஸ் எடுக்கத் தடுமாறுவார்கள். எதிரணி அவர்களைக் குறிவைத்தே அடிக்கும். ரலிகள் இரண்டு தொடுகையில் முடிந்துபோகும். பின்வரிசைப் பாதுகாப்புக்கென்றே ஒருவரை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை சர்வதேசக் கரப்பந்தாட்டச் சம்மேளனம் 1998இல் கொண்டுவந்தது இதற்காகத்தான். ஓர் அணி இரண்டு லிபரோ வரை வைத்துக்கொள்ளலாம், களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்களின் ஜேர்சியிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில் அவர் உடுத்த வேண்டும். நீலத்துக்குப் பக்கத்தில் கரும்பச்சை போட்டுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். மலைநாட்டில் மூன்று மணிக்கு மேல் மூட்டம் இறங்கினால் அது மத்தியஸ்தர் கண்ணுக்கு ஒரே நிறம்தான்.

## லிபரோவுக்குத் தடை எவை?

லிபரோ எப்போதுமே பின்வரிசை ஆள். ஆனால் சாதாரணப் பின்வரிசை ஆளைவிட அவருக்குக் கட்டு இறுக்கம்.

1. சேர்விஸ் இல்லை. சர்வதேச விதிப்படி லிபரோ சேர்விஸ் அடிக்கவே கூடாது. அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டங்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு "அங்கே அடிக்கிறாங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அது அவர்களது உள்நாட்டு விதி, அங்கே சுழற்சியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் லிபரோவுக்குச் சேர்விஸ் அனுமதி இருக்கிறது. நம்முடைய போட்டிகளுக்கு அது பொருந்தாது.

2. புளொக் இல்லை, முயற்சிகூட இல்லை. சாதாரணப் பின்வரிசை ஆள் வலையில் கையைத் தூக்கி எழும்பி, பந்து படாமல் இறங்கினால் பிழை இல்லை. லிபரோ அப்படி எழும்பினாலே பிழை. கோபத்தில் எழும்பிவிட்டு, "கை படவே இல்ல சேர்" என்பது அவருக்கு உதவாது.

3. உயரப் பந்தை எங்கிருந்தும் அனுப்ப முடியாது. சாதாரணப் பின்வரிசை ஆளுக்கு முன்வலயத்தில்தான் தடை. லிபரோவுக்கு மைதானம் முழுக்கத் தடை, கோட்டுக்கு வெளியேயும் தடை. தொடும் நேரத்தில் பந்து முழுவதும் வலைக்கு மேலே இருந்து, அது எதிரணிப் பக்கம் போனால் பிழை.

மூன்றாவதில் பலர் எல்லை மீறிப் புரிந்துகொள்கிறார்கள். "லிபரோ பந்தை அந்தப் பக்கம் அனுப்பவே கூடாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை. வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். இடுப்பளவில் கையை இணைத்து எடுத்த பந்து வலையைத் தாண்டிப் போனால் ஆட்டம் தொடரும். தரையில் நின்றபடி நெற்றிக்கு நேரே விரலால் தள்ளிவிட்டாலும், அந்த உயரத்தில் பந்தின் ஒரு பகுதியாவது வலை விளிம்புக்குக் கீழே இருப்பதால் பெரும்பாலும் பிழை வராது. எழும்பித் தொட்டால்தான் ஆபத்து. சிறுவர் பிரிவுகளில் வலையை இறக்கிக் கட்டியிருப்பார்கள், அங்கே உயரமான பையன் நின்றபடி எடுத்தாலும் மாட்டிக்கொள்ளலாம்.

## அந்தச் சண்டைக்குரிய விதி

இனி ஆரம்பத்தில் சொன்ன சம்பவத்துக்கு வருவோம். இங்கே பிழை விட்டவர் அடித்தவர், ஆனால் பிழைக்கு வழி வைத்தவர் லிபரோ. விதி சொல்வது இது: லிபரோ முன்வலயத்தில் நின்று, தலைக்கு மேலே விரலால் பந்தை எடுத்துக் கொடுத்தால், அந்தப் பந்து முழுவதும் வலைக்கு மேலே இருக்கும்போது வேறு யாரும் அதை எதிரணிப் பக்கம் அடித்து முடிக்கக்கூடாது.

இதில் மூன்று நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பிழை இல்லை.

முதலாவது, லிபரோவின் கால். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் முதல் பந்தை எடுத்து விழுந்துவிட்டால், இரண்டாவது பந்தைக் கொடுக்க ஓடிவருவது வழமையாக லிபரோதான். அப்போது கால் எங்கே என்பதுதான் எல்லாம். கோடும் முன்வலயத்தைச் சேர்ந்தது. பாதத்தின் நுனி கோட்டை மிதித்தாலே உள்ளே நிற்கிறார் என்று அர்த்தம். பக்கக் கோட்டுக்கு வெளியே ஓடிப்போய் எடுத்தாலும் தப்ப முடியாது, முன்வலயம் பக்கவாட்டில் வெளியிடத்தின் முடிவு வரை நீள்வதாகவே கணக்கு. ஆனால் கோட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பி, காற்றில் இருக்கும்போதே பந்தைக் கொடுத்துவிட்டு முன்னால் இறங்கினால் அது செல்லும். கடைசியாகக் கால் எங்கே தரையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். நல்ல லிபரோக்கள் இந்த எழும்பிக் கொடுக்கும் பாஸைத் தனியாகப் பயிற்சி செய்வது இதற்காகவே.

இரண்டாவது, கொடுத்த விதம். தலைக்கு மேலே விரலால் எடுத்தால் மட்டும்தான் இந்தத் தடை. அதே இடத்தில் முழங்கைக்குக் கீழே கைகளை இணைத்து 'அண்டர்' எடுத்துக் கொடுத்தால் அடிப்பவர் இஷ்டப்படி அடிக்கலாம். முன்வலயத்துக்குள் மாட்டிக்கொண்ட லிபரோ குனிந்து அண்டரில் பந்தைத் தூக்குவதைப் பார்த்தால் விதி தெரிந்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, அடித்தவர் தொட்ட உயரம். பந்து வலைக்குக் கீழே இறங்கும் வரை பொறுத்து, தட்டிவிட்டால் பிழை இல்லை. தாக்குதல் முடிந்ததாகக் கொள்வது பந்து வலையின் நேர்க்கோட்டை முழுவதும் தாண்டும்போது, அல்லது எதிரணி அதைத் தொடும்போது. அடித்த பந்து வலையில் பட்டு நம் பக்கமே விழுந்தால் இந்த விதி மீறப்படவில்லை. ரலி போனது வேறு காரணத்தால். அதனால்தான் மத்தியஸ்தர் லிபரோ பந்தைக் கொடுத்த உடனே விசிலடிக்காமல், அடித்து முடியும் வரை காத்திருக்கிறார். அதைப் பார்ப்பவர்களுக்கு அவர் தாமதமாக யோசித்து விசிலடிப்பதுபோல இருக்கும்.

இதற்கு நம் மைதானங்களில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு முதல் செட் முடிவதற்குள் கால்பட்டுக் கலைந்துவிடும். தூறல் விழுந்தால் அதற்கு முன்பே போய்விடும். எல்லைக் கோடுகளை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு 3 மீற்றர் கோட்டை அப்படியே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் பந்து வெளியே விழுந்ததா என்பதில்தான் எல்லோருக்கும் கவலை. லிபரோ இருக்கும் ஆட்டத்தில் இந்தக் கோடும் அதே அளவுக்கு முக்கியம். அளக்கும்போது நடுக்கோட்டின் மையத்திலிருந்து இந்தக் கோட்டின் பின் விளிம்பு வரை 3 மீற்றர் வர வேண்டும். முன் விளிம்பு வரை 3 மீற்றர் எடுத்துவிட்டுக் கோட்டைப் போட்டால் முன்வலயம் கோட்டின் அகலமான 5 சென்ரிமீற்றர் கூடிவிடும். சண்டை வருவதற்கு அது போதும்.

## இரண்டு வகை மாற்றங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்: ஒருவர் வெளியே போகிறார், ஒருவர் உள்ளே வருகிறார். விதியில் இரண்டும் வேறு வேறு.

சாதாரண வீரர் மாற்றம். ஒரு செட்டில் ஓர் அணிக்கு ஆறு. ஆரம்பத்தில் இறங்கியவர் ஒருமுறை வெளியே போகலாம், ஒருமுறை திரும்பி வரலாம், அதுவும் தன் இடத்துக்கு மட்டும். அவருக்குப் பதிலாக வந்தவர் அந்த செட்டில் ஒருமுறைதான் வரலாம், அவரை மாற்ற முதலில் இருந்தவரால் மட்டுமே முடியும். நான்காம் இலக்கத்தை எடுத்துவிட்டு, நன்றாகச் சேர்விஸ் அடிக்கும் பன்னிரண்டாம் இலக்கத்தை இறக்கினால் ஒன்று போயிற்று. நான்கைத் திரும்ப இறக்கினால் இரண்டு. அதற்குப் பிறகு அந்த செட்டில் பன்னிரண்டு உள்ளே வர முடியாது, நான்கு வெளியே போக முடியாது. இப்படி மூன்று ஜோடி மாற்றினால் ஆறும் தீர்ந்தது. ஒவ்வொன்றையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதுவார்கள், இரண்டாம் மத்தியஸ்தர் அனுமதித்த பிறகுதான் ஆள் நுழையலாம்.

லிபரோ மாற்றம். இதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, அந்த ஆறில் சேராது, அனுமதி கேட்கவும் தேவையில்லை. பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில், சேர்விஸுக்கான விசிலுக்கு முன்னால், தன் அணி உட்காரும் பக்கத்தில் 3 மீற்றர் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியால் உள்ளே வெளியே போகலாம். செட் தொடங்கும்போது மட்டும் இரண்டாம் மத்தியஸ்தர் வரிசையைச் சரிபார்த்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு சுதந்திரம் கொடுத்துவிட்டு இரண்டு கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒன்று, லிபரோ யாருக்காக உள்ளே வந்தாரோ அவர்தான் திரும்பி வர முடியும், இல்லாவிட்டால் இரண்டாவது லிபரோ. இன்னொன்று, ஒரு லிபரோ மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு முழு ரலியாவது ஆடப்பட்டிருக்க வேண்டும்.

## ஒரு செட்டில் லிபரோ நடந்துபோகும் பாதை

எழுத்தில் வரட்சியாக இருக்கும் இந்த இரண்டு கயிறும் ஓர் உதாரணத்தில் தெளிவாகிவிடும். மேற்பிரிவு அணி என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். ஆரம்ப வரிசை இப்படி:

- 1இல் செட்டர், இலக்கம் 7
- 2இல் இலக்கம் 4
- 3இல் நடு புளொக்கர், இலக்கம் 10
- 4இல் இலக்கம் 9
- 5இல் இலக்கம் 5
- 6இல் மற்ற நடு புளொக்கர், இலக்கம் 11

லிபரோவுக்கு இலக்கம் 6. பின்வரிசையில் வரும் நடு புளொக்கருக்குப் பதிலாக அவர் ஆடுவார். வரிசை சரிபார்த்து முடிந்ததும் 11 வெளியே போகிறார், 6 உள்ளே வருகிறார்.

7 சேர்விஸ் அடிக்கிறார், ரலி போய்விட்டது. எதிரணி அடிக்கிறது, மேற்பிரிவு வென்று சுழல்கிறது. 4 சேர்விஸ் இடத்துக்கு வருகிறார், லிபரோ 5ஆம் இடத்துக்கு நகர்கிறார். இன்னும் பின்வரிசைதான், அதனால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

மறுபடி ஒரு சேர்விஸ் போய், மறுபடி வென்று சுழல்கிறார்கள். இப்போது லிபரோ 4ஆம் இடத்துக்குப் போக வேண்டும், அது முன்வரிசை. அங்கே அவர் நிற்க முடியாது. 11 திரும்பி வருகிறார், லிபரோ வெளியே. அதே சுழற்சியில் மற்ற நடு புளொக்கர் 10 சேர்விஸ் இடத்துக்கு வந்துவிட்டார். லிபரோ அவருக்குப் பதிலாக உடனே நுழைந்தால் என்ன? இரண்டு காரணத்தால் முடியாது. 1ஆம் இடத்தில் இருப்பவர் சேர்விஸ் அடிக்க வேண்டும், லிபரோவால் அது ஆகாது. அதுவும் தவிர, இப்போதுதான் ஒரு லிபரோ மாற்றம் நடந்திருக்கிறது, நடுவே ரலி இல்லை.

ஆகவே 10 அடிக்கிறார், லிபரோ வெளியே நின்று கைதட்டுகிறார். களத்தில் வேறு நிற ஜேர்சியே இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்குக் காரணம் இதுதான். எதிரணி ரலியை வென்று சேர்விஸைப் பறித்ததும் 10 வெளியே வர, லிபரோ அவருடைய 1ஆம் இடத்துக்கு நுழைகிறார். பிறகு 6, பிறகு 5, மறுபடி 4ஆம் இடத்துக்கு நகரும் நேரத்தில் வெளியே. அப்போது திரும்பி வர வேண்டியவர் 10, சேர்விஸ் இடத்துக்கு வருபவர் 11. சக்கரம் திரும்ப ஆரம்பிக்கிறது. லிபரோ எத்தனை முறை வந்துபோனாலும் ஸ்கோர் ஷீட்டின் வீரர் மாற்றக் கட்டங்கள் ஆறும் காலியாகவே இருக்கும்.

தவறு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் 4ஆம் இடத்துக்கு நகரும் நேரத்தில். ரலி வென்ற சந்தோஷத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள், 11 வெளியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார், லிபரோ முன்வரிசையில் நின்றபடியே சேர்விஸ் போய்விடும். புள்ளி எதிரணிக்கு. இன்னொரு தவறு, ஆள் மாறிப்போவது. லிபரோ 11க்காக உள்ளே இருக்கும்போது 10 ஓடிவந்து நின்றுவிடுவார். சேர்விஸுக்கு முன்னால் மத்தியஸ்தர்கள் கவனித்துவிட்டால் சரிசெய்துவிட்டு, தாமதத்துக்கான தண்டனை கொடுப்பார்கள். மேட்ச்சில் முதல் தடவை வெறும் எச்சரிக்கை, அடுத்த தடவை புள்ளி போகும். சேர்விஸ் அடித்த பிறகு கண்டுபிடித்தால் அந்த ரலியே போய்விடும்.

கொஞ்சம் புத்திசாலித்தனமான பயிற்றுவிப்பாளர் கேட்கும் கேள்வி ஒன்று: 10 நன்றாகச் சேர்விஸ் அடித்துத் தொடர்ந்து புள்ளி எடுக்கிறார், லிபரோ சும்மா நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு ரலி முடிந்துவிட்டால் பின்வரிசையில் இருக்கும் இலக்கம் 4க்குப் பதிலாக அவரை இறக்கலாம். ஆனால் எதிரணி சேர்விஸைப் பறித்த உடனே அவரை 4இடமிருந்து எடுத்து 10க்குப் போட முடியாது. 4 திரும்பி வந்த பிறகு ஒரு ரலி ஓட வேண்டும். அந்த ஒரு ரலியில் 10தான் சேர்விஸ் எடுத்தாக வேண்டும், எதிரணி அவரைத்தான் குறிபார்க்கும். என் கணிப்பில் இந்த வித்தை உள்ளூர்ப் போட்டிகளுக்குக் கட்டுப்படியாகாது.

## ஏழு பேர் மட்டும் வந்த அணி

இதுவரை சொன்னவை ஒரு புள்ளி, இரண்டு புள்ளியோடு போகும். இனி வருவது மேட்ச்சையே கொண்டுபோகக்கூடியது. தோட்ட அணிகளில் பட்டியலில் பன்னிரண்டு பெயர் இருக்கும், கொழும்பில் வேலைக்குப் போனவர்கள் லீவு கிடைக்காமல் வராமல் போய், மைதானத்தில் ஏழு பேர் நிற்பார்கள். "ஆறு பேர் ஆட, ஒருத்தரை லிபரோவாப் போடுவம்" என்று முடிவெடுப்பது வழக்கம்.

மேற்பிரிவு அணிக்கு அந்த நிலை என்று வைப்போம். லிபரோ 11க்காக உள்ளே, 11 வெளியே. இரண்டாவது செட்டில் 9 அடித்துவிட்டு இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. எழும்ப முடியவில்லை. வெளியே 11 நல்ல உடம்போடு நிற்கிறார், அவரை இறக்கினால் என்ன?

1. சாதாரண மாற்றமாக இறக்க முடியாது. 11 ஆரம்ப வரிசையில் இருந்தவர், தன் இடத்துக்கு மட்டும்தான் அவர் திரும்பலாம். அந்த இடத்தில் இப்போது நிற்பவர் லிபரோ.

2. காயம்பட்டவருக்காக ஒரு விதிவிலக்கு மாற்றம் உண்டு. ஆறும் தீர்ந்திருந்தாலும், வழக்கமான வழி இல்லாவிட்டாலும், அந்த நேரத்தில் களத்துக்கு வெளியே இருக்கும் எவரையும் இறக்கலாம் என்பது அது. ஆனால் லிபரோக்களையும், லிபரோ யாருக்குப் பதிலாக ஆடுகிறாரோ அவரையும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே வெளியே இருக்கும் ஒரே ஆள் அந்த 11.

3. லிபரோவை 9இன் இடத்துக்கு மாற்றிவிட்டு, 11ஐ அவர் இடத்துக்குக் கொண்டுவர முடியாது. லிபரோவாகப் பதிவானவர் அந்த மேட்ச்சில் சாதாரண வீரராக ஆடுவதில்லை.

மிஞ்சுவது மூன்று நிமிடம். மாற்றுவதற்கு ஆளே இல்லாதபோது காயம்பட்டவருக்கு 3 நிமிட ஓய்வு கொடுப்பார்கள், ஒரே ஆளுக்கு ஒரு மேட்ச்சில் ஒருமுறைதான். அதற்குள் 9 எழும்பி நின்றால் ஆட்டம் தொடரும். எழும்பாவிட்டால் அணி 'முழுமையற்ற அணி'. செட்டை முடிக்கத் தேவையான புள்ளிகள் எதிரணிக்குப் போகும், மேற்பிரிவு எடுத்த புள்ளிகள் மட்டும் அவர்களிடம் இருக்கும். அடுத்த செட்டுக்கும் 9 வராவிட்டால் லிபரோவைத் தவிர ஐந்து பேர்தான், மேட்ச் அங்கேயே முடிந்தது.

இதே அணி லிபரோவே போடாமல் ஏழாமவரைச் சாதாரண மாற்று வீரராக எழுதியிருந்தால், 9க்குப் பதிலாக அவர் இறங்கியிருப்பார், ஒரு மாற்றம் மட்டும் கழிந்திருக்கும். எட்டுப் பேர் இருந்தால் கதை வேறு: லிபரோவையும் வைத்துக்கொள்ளலாம், எட்டாமவர் அந்த செட்டில் ஏற்கெனவே வந்துபோனவராக இருந்தாலும் விதிவிலக்கு மாற்றத்தில் வர முடியும்.

லிபரோ காயப்பட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை என்பது வேடிக்கையான பகுதி. 11 தன் இடத்துக்குத் திரும்பி வருவார், ஆறு பேரோடு ஆட்டம் நடக்கும். அதனால் லிபரோ இருப்பது ஒரு பாதுகாப்பு என்று அணிகள் நினைத்துக்கொள்கின்றன. மற்ற ஆறு பேரில் ஒருவர் விழும்போதுதான் அது எதிராக மாறுகிறது.

லிபரோ யார் என்பதை செட்டுக்கு செட் மாற்றி எழுத முடியாது. மேட்ச் தொடங்கும் முன் ஸ்கோர் ஷீட்டில் அவருக்கென்று இருக்கும் இடத்தில் எழுதி, அணித் தலைவரும் பயிற்றுவிப்பாளரும் கையெழுத்து வைத்துவிட்டால் அதோடு சரி. ஏழு பேர் அணி யோசிக்க வேண்டிய நேரம் அந்தக் கையெழுத்துக்கு முன்னால். சில உள்ளூர்ப் போட்டிகளில் ஏற்பாட்டாளர்கள் தங்களுக்கென்று சலுகை வைத்திருப்பார்கள், காயம்பட்டால் லிபரோவும் இறங்கலாம் என்பதுபோல. அப்படி இருக்கிறதா என்பதை டொஸ் போடும் முன் அணித் தலைவர்களின் கூட்டத்தில் கேட்டு, இரண்டு அணியும் கேட்கும்படி பதில் வாங்கிக்கொள்வது நல்லது. 9 தரையில் கிடக்கும்போது கேட்டால், எதிரணித் தலைவர் அந்தச் சலுகையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பார்.